பதிலில் கேள்வி இருக்காது

ஒரு நூற்பாலையில் 20 மின் மீட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனையையும் கட்டுப்பாட்டு அறைக் கணினியோடு இணைப்பது ஆர்.எஸ்-485 என்ற ஒரே ஜோடிக் கம்பி. அதில் அவை பேசும் முறைக்குப் பெயர் மோட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979-ல் தன் பி.எல்.சி. கருவிகளுக்காக உருவாக்கிய முறை இது.

அந்தக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இரண்டு பேச்சும் கலைந்துபோகும். அதனால் பேச்சைத் தொடங்கும் உரிமை கணினிக்கு மட்டுமே உண்டு. அதுதான் மாஸ்டர். மீட்டர்கள் ஸ்லேவ்கள். கேட்காமல் எந்த மீட்டரும் வாய் திறக்காது, அதற்குள் என்ன கோளாறு நேர்ந்திருந்தாலும் சரி. மாஸ்டர்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். இப்படிச் சுற்றுவதுதான் போலிங். 2020 முதல் மோட்பஸ் அமைப்பு இவற்றைக் கிளையன்ட், சர்வர் என்று மாற்றி அழைக்கிறது. ஆனால் பட்டறையில் பழைய பெயர்களே நிற்கின்றன.

ஒரு கேள்வி கம்பியில் இப்படிப் போகும்:

```
01 03 00 00 00 02 C4 0B
```

முதல் `01` மீட்டரின் முகவரி. `03` என்றால் ‘ரெஜிஸ்டரைப் படி’. அடுத்த நான்கு பைட்டும் எந்த ரெஜிஸ்டரிலிருந்து எத்தனை என்பதைச் சொல்கின்றன. கடைசி இரண்டும் வழியில் பைட்டுகள் கெட்டுவிட்டனவா என்று சோதிக்கும் சி.ஆர்.சி. எண். வரும் பதிலில் முகவரி, `03`, பைட்டுகளின் எண்ணிக்கை, அளவு, சி.ஆர்.சி. ஆகியவை மட்டும் இருக்கும். எந்த ரெஜிஸ்டரின் அளவு என்பது இருக்காது. இதை மனதில் வையுங்கள். பெரிய தொல்லை இங்கிருந்துதான் வருகிறது.

9600 பாட் வேகத்தில் ஒரு பைட் போக ஒரு மில்லிவிநாடிக்குச் சற்றே கூடுதலாகும். கேள்விக்கு 9, பதிலுக்கு 10, மீட்டர் யோசிக்க 50, இடையே விட வேண்டிய மௌனம் என்று கூட்டினால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 75 மில்லிவிநாடி. இருபதையும் ஒன்றரை விநாடியில் சுற்றி வந்துவிடலாம்.

இனி ஒரு மீட்டருக்கு மின்சாரம் போய்விட்டது என்று வையுங்கள். பதில் வராது. மாஸ்டர் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அந்த வரம்புதான் டைம்அவுட். அது ஒரு விநாடி, மூன்று முறை கேட்கலாம் என்று அமைத்திருந்தால், செத்த ஒரு மீட்டர் சுற்றுக்கு மூன்று விநாடியைத் தின்றுவிடும். ஒன்றரை விநாடிச் சுற்று நாலரை விநாடியாகிவிடும். நல்ல 19 மீட்டர்களின் அளவும் தாமதமாகும்.

அப்படியானால் டைம்அவுட்டை 100 மில்லிவிநாடியாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். பலரும் செய்யும் தவறு இது. ஒரு மீட்டர் பதில் தர 140 மில்லிவிநாடி எடுக்கிறது என்போம். மாஸ்டர் அதனிடம் வோல்ட்டேஜ் கேட்கிறது. 100-ல் பொறுமையிழந்து, அதே மீட்டரிடம் கரண்ட் கேட்கிறது. 140-ல் மீட்டர் பழைய கேள்விக்கு வோல்ட்டேஜைச் சொல்கிறது. முகவரி சரி, `03` சரி, நீளம் சரி, சி.ஆர்.சி. சரி. எனவே மாஸ்டர் அதைக் கரண்ட் என்றே எழுதிக்கொள்கிறது. 42 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 230 நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரு கட்டத்தின் எண் அடுத்த கட்டத்தில் தெரிந்தால் முதலில் டைம்அவுட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். மிக மெதுவான மீட்டரின் பதில் நேரத்தை அளந்து, அதற்கு மேல் தாராளமாக இடம்விட்டு அமைப்பதே சரி. செத்த மீட்டரைச் சுற்றிலிருந்து ஒதுக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் கேட்டுப் பார்த்தால் நேரமும் வீணாகாது.

முகவரிக்கு 1 முதல் 247 வரை இடமுண்டு. 0 எல்லோருக்கும் பொதுவான கட்டளை; அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. புது மீட்டர்கள் பெரும்பாலும் 1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. மாற்றாமல் இரண்டை மாட்டினால் ஒரே கேள்விக்கு இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். அப்போது சி.ஆர்.சி. பிழை வரும். சில சமயம் ஒன்று முந்திக்கொள்ளும், அளவு தாவித் தாவி மாறும். செத்த மீட்டரிடமிருந்து மௌனம் வரும், இரட்டை முகவரியிலிருந்து குழப்பம் வரும். சந்தேகப்படும் மீட்டரின் கம்பியைக் கழற்றுங்கள். அதன் பிறகும் அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால், லைனில் இன்னொன்று அதே எண்ணோடு இருக்கிறது.

புது மீட்டரைப் பொதுக் கம்பியில் சேர்க்கும் முன் தனியாக மாட்டி முகவரியை மாற்றுங்கள். அந்த எண்ணை ஒரு லேபிளில் எழுதி மீட்டரின் முகப்பிலேயே ஒட்டிவிடுங்கள்.