மூக்கின் மேல் விழும் நிழல்

முகப்படத்தில் கூலிங் கிளாஸ் மாட்டிவிடுவது ஃபோட்டோஷாப்பில் எளிது. ஒட்டியதுபோலத் தெரியாமல், மாட்டியதுபோலத் தெரிய வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

என் தம்பி மகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதலில் அவன் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிகாரத்தில் பத்து இருக்குமிடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதாவது வெளிச்சம் படத்தின் இடப்பக்கம், சற்று மேலிருந்து வருகிறது. இனி வரும் எல்லாவற்றுக்கும் அந்தப் புள்ளிதான் வழிகாட்டி.

ஃபிரேமை ஒரு லேயரிலும் கண்ணாடியைத் தனி லேயரிலும் வைத்து, கண்ணாடிக்குப் பழுப்பு நிறம் நிரப்பி Multiply ஆக்கினேன். எவ்வளவு கருப்பு? வெளிச்சத்தில் 40 சதவீதத்தை மட்டும் விடும் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும்போது 40 ஆகும் வெளிச்சம், தோலில் பட்டு அதே கண்ணாடி வழியாக வெளியே வரும்போது அதிலும் 40 சதவீதமே மிஞ்சும். ஆகக் கண் 16 சதவீத வெளிச்சத்தில்தான் தெரியும். கண்ணாடிக்கு வெளியே, கன்னத்தில் விழும் நிழலில் இருப்பதோ ஒரே ஒருமுறை கடந்த வெளிச்சம். அதனால் அந்தக் கன்னம் கண்ணைவிட வெளிறியிருக்க வேண்டும்; கண்ணாடியின் பழுப்பும் அதில் லேசாக ஏற வேண்டும். பலர் இரண்டையும் ஒரே அளவில் இருட்டாக்கிவிடுகிறார்கள்.

இந்த எண்களை அப்படியே திரையில் போடக் கூடாது, மிகவும் கருத்துவிடும். திரையின் அளவு வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் B மதிப்பைக் கண்ணாடிக்கு 45 அருகிலும், கன்னத்து நிழலுக்கு 65 அருகிலும் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. கடும் வெயிலுக்கென்று விற்கும் கருங்கண்ணாடிகள் 8 முதல் 18 சதவீதம்தான் விடுகின்றன. அவற்றை மாட்டினால் கண் ஏறக்குறைய மறைந்துவிடும்; அதுவே சரி.

கண்ணாடியில் தெரியும் பிம்பம் அவன் எதிரே இருப்பதாக இருக்க வேண்டும். இங்கே அது ஜன்னல். வெளிறிய கட்டம் ஒன்றை Screen லேயரில் வைத்து, Opacity 25 ஆக்கி, கண்ணாடியின் வளைவுக்கேற்ப Warp கொண்டு வளைத்தேன். முதல் முறை ஒரு கண்ணாடியைச் செய்து முடித்து, அதையே புரட்டி மறுபக்கம் வைத்தேன். பிம்பம் இடக்கண்ணாடியில் இடப்பக்கமும் வலக்கண்ணாடியில் வலப்பக்கமும் நின்றது. ஒரு ஜன்னல் இரண்டு திசையில் இருக்க முடியுமா? பிம்பம் இரண்டிலும் இடப்பக்கமே வர வேண்டும். வடிவம் மட்டும் இம்மியளவு மாறலாம்.

கடைசியில் மூக்குத்தண்டு. நிழலுக்குக் கருப்பு எடுத்தால் கரி பூசியதுபோல் ஆகிவிடும். தாடைக்குக் கீழே இருண்டிருக்கும் தோலிலிருந்தே நிறத்தை எடுத்தேன். ஃபிரேம் தோலைத் தொடுமிடத்தில் மெல்லிய, கூர்மையான கோடு ஒன்று. அதற்கு மேல் இன்னொரு லேயரில், வலப்பக்கமாகக் கீழே சற்று நகர்த்திய அகலமான நிழல், Gaussian Blur கொடுத்து. தொடுமிடத்தில் கூர்மை, விலக விலக மென்மை. முதல் கோட்டை அணைத்துப் பார்த்தேன், கண்ணாடி மூக்கைவிட்டு எழும்பி மிதந்தது. திரும்பப் போட்டதும் மூக்கில் உட்கார்ந்தது.