அளவீடுகள் இல்லாத ஆய்வறிக்கை: விவாதப் பகுதியை எழுதும் முறை

அறிவியல் ஆய்வறிக்கையில் நோக்கம், செய்முறை, அளவீடுகள், முடிவு ஆகியவற்றை அடுத்து இடம்பெறுவது விவாதப் பகுதி. கிடைத்த முடிவின் பொருள் என்ன, அதனை எந்த அளவுக்கு நம்பலாம், பிழை எங்கிருந்து நுழைந்திருக்கலாம் என்பன அப்பகுதியில் ஆராயப்படும். ஆனால் நடைமுறையில் சில வேளைகளில் செய்முறைத் தாள் ஒன்று மட்டுமே கையில் இருக்கும். நோக்கமும் அளவீடுகளும் இரா. சோதனை நாளன்று வராத மாணவருக்கும், ஆய்வுக்கூடக் கோப்பிலிருந்து குறிப்புரை தயாரிக்க வேண்டிய அலுவலருக்கும் இந்நிலை ஏற்படுவதுண்டு. அப்போது எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதைக் குடிநீரின் கடினத்தன்மையை அளக்கும் சோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

நம் கையிலுள்ள தாளில் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்: "கிணற்று நீர் 50 மி.லி. கூம்புக் குடுவையில் எடுக்கப்பட்டது. அம்மோனியா தாங்கல் கரைசல் 2 மி.லி. சேர்க்கப்பட்டது. எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி இடப்பட்டது. பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசல், நிறம் மாறும் வரை சேர்க்கப்பட்டது." இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நோக்கத்தை உய்த்துணர்தல்

எழுதப்படாத நோக்கத்தைப் பயன்படுத்திய பொருள்களே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அம்மோனியா தாங்கல் கரைசல் நீரின் பி.எச். அளவைச் சுமார் 10-இல் நிறுத்துகிறது. அந்நிலையில் இ.டி.டி.ஏ. கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டோடும் இணைகிறது. எரியோகுரோம் பிளாக் டி ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்போது இணைப்பு நிறைவுறுகிறது. எனவே இங்கு அளக்கப்பட்டது மொத்தக் கடினத்தன்மையே என்று கொள்ளலாம்.

தாளில் சோடியம் ஹைட்ராக்சைடும் மியூரெக்சைடு நிறங்காட்டியும் குறிக்கப்பட்டிருந்தால் முடிவு வேறாகும். அச்சோதனையில் மக்னீசியம் வீழ்படிவாகி விலகிவிடும். கால்சியம் மட்டுமே அளக்கப்படும். நீரைக் கொதிக்கவைத்து வடிகட்டிய பின்னரும் ஒருமுறை சோதித்ததாகக் குறிப்பு இருந்தால், தற்காலிகக் கடினத்தன்மையையும் நிலையான கடினத்தன்மையையும் பிரித்தறிவதே நோக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வாறு உணர்ந்த நோக்கத்தை அறிக்கையில் எழுதும்போது, அது செய்முறையிலிருந்து ஊகிக்கப்பட்டது என்பதையும் அதே வாக்கியத்தில் கூறிவிடுவது முறை. ஊகம் தவறாக இருந்தால் படிப்பவர் அதைத் திருத்த அது வழிவகுக்கும்.

அளவீடு இன்றியே கூறத்தக்கவை

எண்கள் இல்லாவிடினும் எண்களுக்கிடையேயான உறவு செய்முறையிலேயே அடங்கியுள்ளது. 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலின் 1 மி.லி., 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். எடுத்த நீர் 50 மி.லி. ஆதலால், செலவான கரைசலின் அளவை 20 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மி.கி. கடினத்தன்மை என்பது கிடைக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) தர அளவின்படி, குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 200 மி.கி.; மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மி.கி. வரை அனுமதிக்கப்படுகிறது. மேற்கண்ட உறவின்படி இவ்வரம்புகள் முறையே 10 மி.லி., 30 மி.லி. இ.டி.டி.ஏ. செலவுக்கு ஈடாகும். ஆகவே, எந்த அளவீடு கிடைத்தால் எந்த முடிவுக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம்.

பிழையின் அளவையும் இவ்வாறே கணிக்கலாம். பியூரெட்டில் 0.1 மி.லி. இடைவெளியில் கோடுகள் உள்ளன, கண்ணால் 0.05 மி.லி. வரை மதிப்பிடலாம். தொடக்கம், முடிவு என இரு முறை படிப்பதால் மொத்தத்தில் 0.1 மி.லி. வரை பிழை நேரலாம். அது லிட்டருக்கு 2 மி.கி. ஆகும். செலவான கரைசல் 10 மி.லி. எனில் இப்பிழை நூற்றுக்கு 1 பங்கு, 1 மி.லி. மட்டுமே எனில் நூற்றுக்கு 10 பங்கு. மென்னீரைச் சோதிக்கும்போது கூடுதலான நீரை எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பிழை எந்தத் திசையில் செல்லும் என்பதையும் குறிப்பிட வேண்டும். நீல நிறம் வந்த பின்னும் கரைசலைச் சேர்த்தால் கடினத்தன்மை உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும். தாங்கல் கரைசல் சேர்த்த பின் நீண்ட நேரம் தாமதித்தால் கால்சியம் கார்பனேட் படிந்து, முடிவு குறைவாக வரலாம். இ.டி.டி.ஏ. கரைசலின் செறிவே தவறாக இருந்தாலோ, மூன்று முறை செய்தாலும் மூன்றும் ஒத்திருக்கும். மூன்றும் ஒரே விகிதத்தில் தவறாகவும் இருக்கும். அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதும் அவை சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதை இங்கு எடுத்துரைக்கலாம்.

கூறத்தகாதவை

இக்கிணற்று நீர் குடிக்கத் தக்கது என்றோ, முடிவு எதிர்பார்த்தபடி அமைந்தது என்றோ, அளவீடுகள் திருத்தமானவை என்றோ எழுத இடமில்லை. இவை ஒவ்வொன்றும் நம்மிடம் இல்லாத எண்ணைச் சார்ந்தவை.

இடைவெளியை நிரப்ப 12.4, 12.4, 12.4 என்று எண்களைப் புனைவது பலருக்கும் எளிய வழியாகத் தோன்றலாம். பழகிய கண்ணுக்கு அது புலப்பட்டுவிடும். உண்மையான முதல் அளவீடு பெரும்பாலும் சற்று மிகுந்தே இருக்கும். முடிவு நிலை எங்கு வரும் என்பது அப்போது தெரியாதல்லவா? மேலும் பியூரெட்டை 0.05 மி.லி. வரை மட்டுமே மதிப்பிட்டுப் படித்தால் 12.43 என்பது போன்ற எண் கிடைக்காது. கண்டுபிடிக்கப்படாமல் போனால் தீங்கு இன்னும் பெரிது. புனைந்த எண் கோப்பில் ஏறிவிட்டால், அடுத்து வருபவர் அதை அளந்த எண்ணாகவே கொண்டு அக்கிணற்றைப் பற்றி முடிவெடுப்பார்.

ஒரு மாதிரி

மேற்கண்ட தாளுக்கு விவாதப் பகுதி பின்வருமாறு அமையலாம்:

"நோக்கம் தரப்படவில்லை, பயன்படுத்திய தாங்கல் கரைசல், நிறங்காட்டி ஆகியவற்றிலிருந்து மொத்தக் கடினத்தன்மையை அறிவதே நோக்கம் எனக் கொள்ளப்பட்டது. அளவீடுகள் தரப்படாததால் கடினத்தன்மையின் மதிப்பு கூறப்படவில்லை. செலவான இ.டி.டி.ஏ. 10 மி.லி.க்குக் குறைவாயின் நீர் ஏற்கத்தக்க வரம்புக்குள் உள்ளது. 10 முதல் 30 மி.லி. வரையாயின் மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் மட்டும் ஏற்கலாம், 30 மி.லி.க்கு மேலாயின் ஏற்க இயலாது. வரம்பிலிருந்து 0.1 மி.லி.க்குள் அமையும் அளவீட்டைக் கொண்டு நீர் வரம்பைக் கடந்ததா என்று உறுதி கூற இயலாது. வாலைவடிநீரைக் கொண்டு வெற்றுச் சோதனை செய்யப்பட்டதா என்பது தெரியவில்லை. செய்யப்படவில்லையெனில் முடிவு சற்று மிகுந்திருக்கக்கூடும். தேவைப்படும் விவரங்கள்: பியூரெட்டின் தொடக்க, இறுதி அளவீடுகள், இ.டி.டி.ஏ. கரைசலின் செறிவு சரிபார்க்கப்பட்ட நாள்."

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. 25 மி.லி. நீரை எடுத்து, வாலைவடிநீர் சேர்த்து 50 மி.லி. ஆக்குவதும் வழக்கத்திலுள்ள முறையே. தாளில் அவ்வாறு இருந்தால் பெருக்கும் எண் 20 அன்று, 40. இதைக் கவனியாதவர் லிட்டருக்கு 300 மி.கி. உள்ள நீரை 150 மி.கி. எனக் கணக்கிட்டு, வரம்புக்குள் உள்ளதாகச் சான்றளித்துவிடுவார். எனவே எழுதத் தொடங்குமுன் எடுத்த நீரின் அளவைச் செய்முறைத் தாளில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அளவீடுகள் பின்னர் கிடைக்கும்போது, மாதிரியில் உள்ள நிபந்தனை வாக்கியங்களுள் பொருந்துவதை நிறுத்தி ஏனையவற்றை நீக்கினால் போதும், அறிக்கை நிறைவுபெறும்.