பதிப்பாசிரியர் பெயர் மட்டும் உள்ள தொகுப்பை மேற்கோள் காட்டும் முறை

முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகிய மூன்று ரஹஸ்யங்களையும் மணவாள மாமுனிகளின் வியாக்கியானங்களோடு சேர்த்து ஒரே தொகுப்பாக அச்சிட்டதாகக் கொள்வோம். முகப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியரின் பெயர் மட்டுமே உள்ளது. ஒவ்வொரு ரஹஸ்யத்தின் முன்னும் கையொப்பமில்லாத ஒரு பொருட்சுருக்கம் அமைந்திருக்கிறது. இந்நூலிலிருந்து எடுத்த ஒரு வாக்கியத்தை எவர் பெயரில் குறிப்பது?

தொகுப்பைப் பற்றியே பேசும்போது, அதாவது நூல்களைத் தெரிந்தெடுத்த விதம், வரிசை, பாடபேத நிர்ணயம் ஆகியவற்றை ஆராயும்போது, நூல் முழுவதையும் பதிப்பாசிரியர் பெயரில் குறிக்கலாம். அப்போது பெயரை அடுத்து ‘பதி.’ என்ற குறி இன்றியமையாதது. அது விடுபட்டால் தொகுத்தவர் இயற்றியவராகிவிடுவார். இக்குறிப்பிற்குப் பக்க எண் வேண்டுவதில்லை.

ஒரு பகுதியை எடுத்தாளும்போது வாக்கியத்திற்கு உரியவரே முதலில் வரவேண்டும். துவயப் பிரகரணத்தின் சூத்திரமாயின் இவ்வாறு அமையும்: பிள்ளை லோகாசாரியர், ‘முமுக்ஷுப்படி’, துவயப் பிரகரணம், சூத்திர எண், பின்னர் தொகுப்பின் பெயர், பதிப்பாசிரியர், ஊர், ஆண்டு, பக்கம். அதன் வியாக்கியானமாயின் முதலில் மாமுனிகள் பெயர் வரும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுமாதலால், சூத்திர எண்ணும் உடனிருப்பது நன்று.

இடர்ப்பாடு பொருட்சுருக்கத்தில்தான் எழுகிறது. முகப்பில் வேறு பெயர் இல்லையென்பதால் அதைப் பதிப்பாசிரியர் எழுதியதாகக் கொள்வது ஊகமே. பகுதியின் இறுதியில் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ உண்டா, பொருளடக்கம் எவரையேனும் சுட்டுகிறதா, பதிப்புரையில் உதவியவர்களுக்கு நன்றி கூறுமிடத்தில் ‘சுருக்கம் வரைந்தவர்’ என ஒருவர் குறிக்கப்படுகிறாரா என்று பார்த்தல் வேண்டும். தாமே எழுதியதாகப் பதிப்பாசிரியர் கூறியிருப்பின், அவர் பெயர் பகுதியின் ஆசிரியராக ஒருமுறையும் தொகுப்பின் பதிப்பாசிரியராக ஒருமுறையும் வரும். எச்சான்றும் இல்லையேல் ஆசிரியர் பெயரின் இடத்தை வெறுமையாக விட்டு, பகுதியின் தலைப்பிலேயே தொடங்கி, ‘பதி.’ என்ற குறியோடு பதிப்பாசிரியர் பெயரைத் தொகுப்பின் பெயருக்குப் பின் அமைப்பதே முறை. எம்.எல்.ஏ. நடையும் ஆசிரியர் பெயரில்லாத பகுதியைத் தலைப்பிலேயே தொடங்குகிறது.

இவ்வேறுபாடு புறக்கணிக்கப்பட்டால் நேர்வது என்ன? அவதாரிகை வியாக்கியாதாவினுடையது; பொருட்சுருக்கம் அச்சிட்ட காலத்தது. இரண்டும் மூலத்திற்கு முன்னரே நிற்பதால், சுருக்கத்தின் ஒரு வாக்கியம் அவதாரிகையென எண்ணப்பட்டு மாமுனிகள் பெயரில் ஒரு கட்டுரையில் ஏறிவிடக்கூடும். அக்கட்டுரையை மட்டும் கண்டு அடுத்தவர் எடுத்தாண்டால், அண்மைக்கால ஒருவரின் கருத்து பூர்வாசாரிய ஸ்ரீஸூக்தியாக நிலைபெற்றுவிடும். பிற்பாடு ஐயுற்றுத் தேடுவோர், நூலை முழுமையாக மட்டும் சுட்டிய குறிப்பைக் கொண்டு அவ்வாக்கியம் எப்பகுதியில் நின்றதென்று காண இயலாது. பகுதியின் தலைப்பும் பக்கமும் இருப்பின், ஏட்டைத் திறந்த அளவிலேயே அது அவதாரிகையன்று என்பது புலப்படும்.