அறுபதாம் பக்கத்துக் கட்டுரை

ஒரு சிற்றிதழ் பத்தாண்டுகளாகத் தன் கட்டுரைகளை இணையதளத்தில் ஏற்றி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குப் பத்து கட்டுரை என்றால் இன்று 1,200. பட்டியலில் புதியது மேலே, பழையது கீழே, பக்கத்துக்கு 20 தலைப்பு. ஆக மொத்தம் 60 பக்கங்கள். முதல் இதழின் முதல் கட்டுரை 60ஆம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. ஐம்பத்தொன்பது முறை ‘அடுத்த பக்கம்’ அழுத்திக்கொண்டு அங்கே போகும் பொறுமை எந்த வாசகருக்கும் இருக்காது. கூகுளில் தேடித்தான் வருவார். அப்படி வர வேண்டுமானால், அவருக்கு முன்னால் கூகுள் அங்கே போய்விட்டு வந்திருக்க வேண்டும்.

போவது கூகுள்பாட் என்கிற நிரல். அது நம்மைப் போல ஒரு தளத்துக்குள் நுழைந்து உலாவுவதில்லை. ஒரு பக்கத்தை எடுக்கும். அதில் உள்ள லிங்குகளின் முகவரிகளைப் பொறுக்கும். ஏற்கெனவே தெரிந்தவற்றைத் தள்ளிவிட்டுப் புதியவற்றை ஒரு வரிசையில் போட்டு வைக்கும். வரிசையில் இருப்பதை எப்போது எடுப்பது என்பது அதன் விருப்பம். சிலவற்றை அன்றே எடுக்கும், சிலவற்றுக்கு மாதக் கணக்கில் ஆகும். முகவரி கிடைக்காத பக்கம் அதன் உலகில் இல்லவே இல்லை.

இங்கேதான் முதல் இடறல். பட்டியலின் அடியில் வரக்கூடிய இரண்டு வரிகளைப் பாருங்கள்:

```html
<a href="/katturai?page=2">அடுத்த பக்கம்</a>
<button onclick="loadMore()">மேலும் காட்டு</button>
```

திரையில் இரண்டும் அழுத்தக்கூடிய பொத்தான்களாகவே தெரியலாம். முதல் வரியில் `href` என்று ஒரு முகவரி இருக்கிறது. கூகுள்பாட் அதை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் முகவரியே இல்லை, அழுத்தினால்தான் ஏதாவது நடக்கும். கூகுள்பாட் எதையும் அழுத்தாது. விரலால் தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போகும் பட்டியலுக்கும் இதே கதிதான், ஏனென்றால் அது தள்ளுவதும் இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று இந்த வகைக்கு மாறிய ஒரு தளத்தில் முதல் 20 கட்டுரைகளுக்குக் கீழே எல்லாம் இருட்டாகிவிடலாம். `/katturai#page=2` என்று எழுதினாலும் பயனில்லை. `#` குறிக்குப் பின்னால் வருவதைக் கூகுள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு அது முதல் பக்கமேதான்.

சரி, முறையான லிங்க் இருக்கிறது. அடுத்த கேள்வி, எத்தனை தாவல் என்பது. ‘அடுத்த பக்கம்’ என்ற ஒரே லிங்க் மட்டும் இருந்தால் 1இலிருந்து 60க்குப் போக 59 தாவல். முகப்பிலிருந்து தொலைவில் இருப்பதைத் தளத்தின் சொந்தக்காரரே முக்கியமாக நினைக்கவில்லை என்று தேடுபொறி எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு அது அடிக்கடி இறங்காது. சங்கிலியில் நடுவே 23ஆம் பக்கம் ஒருநாள் பிழை காட்டினால், அதற்கப்பால் உள்ள 37 பக்கங்களுக்கும் வழி அடைபடும்.

கொஞ்சம் எண்களைக் கூட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கத்திலும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்க எண்கள், கூடவே முதலும் கடைசியும். இப்போது 60ஆம் பக்கம் ஒரே தாவலில் வந்துவிடுகிறது. இரண்டு முனையிலிருந்தும் உள்ளே வரலாம் என்பதால், ஆகத் தொலைவாகிப்போவது நடுவில் இருக்கும் 31ஆம் பக்கம்; அதற்கு 15 தாவல். இதோடு 10, 20, 30, 40, 50 என்ற ஐந்து எண்களையும் எல்லாப் பக்கத்திலும் சேர்த்துவிடுங்கள். எந்தப் பக்கமும் நான்கு தாவலுக்குள் வந்துவிடும். ஐம்பத்தொன்பது எங்கே, நான்கு எங்கே! செலவு ஐந்து சிறிய எண்கள். ஆண்டு வாரியாகப் பிரித்தால் இன்னும் நல்லது: ஓர் ஆண்டுக்கு 120 கட்டுரை, ஆறே பக்கம். முகப்பில் பத்து ஆண்டுகளையும், ஆண்டுக்குள் ஆறு எண்களையும் போட்டால் இரண்டு தாவலில் வேலை முடிந்தது. வாசகருக்கும் ‘பக்கம் 43’ என்பதைவிட ‘2017’ என்பது புரிகிற சொல்.

எண்களோடு ஒரு தொல்லை உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. புதிய கட்டுரை ஒன்று மேலே ஏறியதும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசித் தலைப்பும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. ஒரே கட்டுரையால் அறுபது பக்கங்களும் மாறிவிட்டன. 37ஆம் பக்கத்தைக் கூகுள் மூன்று மாதத்துக்கு முன் பார்த்திருந்தால் அது நினைவில் வைத்திருக்கும் பட்டியலின் இருபது தலைப்புகளும் அங்கிருந்து நகர்ந்து போயிருக்கும். தேடி வந்தவர் அந்தப் பக்கத்தில் இறங்கி, தான் தேடிய தலைப்பைக் காணாமல் விழிப்பார். எண்ணைத் தலைகீழாக்கினால் இது தீரும். மிகப் பழைய இருபதும் பக்கம் 1, அதற்கடுத்தவை பக்கம் 2 என்று வைத்து, முகப்பில் 60ஐக் காட்டலாம். நிரம்பிய பக்கம் அதன்பின் அசையாது. ஏனோ இதை வைத்திருக்கும் தளங்கள் குறைவு.

நல்லெண்ணத்தால் வரும் கேடும் ஒன்று இருக்கிறது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால், ‘இதன் மூலம் இதுதான்’ என்று காட்ட `rel="canonical"` என்ற குறிப்பு உண்டு. பட்டியல் பக்கங்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று பயந்து, அறுபதிலும் ‘மூலம் பக்கம் 1’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தின் நகல் அல்ல, அதில் இருப்பவை வேறு இருபது கட்டுரைகள். கூகுள் அந்தக் குறிப்பை நம்பிவிட்டால் 59 பக்கங்களையும் நகல் என்று ஓரங்கட்டும். ஒவ்வொரு பக்கமும் தன்னையே மூலமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு குறிப்பின் கதை கொஞ்சம் வேடிக்கை. இது எதன் தொடர்ச்சி, இதற்கடுத்தது எது என்று சொல்ல `rel="next"`, `rel="prev"` என்ற இரண்டையும் எழுதுங்கள் என்று 2011இல் கூகுள் சொன்னது. உலகம் முழுக்க எழுதினார்கள். 2019 மார்ச்சில், அவற்றை நாங்கள் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தி நிறுத்தியே சில காலம் ஆகிறது என்று அதே கூகுள் அறிவித்தது. எழுதியிருந்தால் கெடுதல் இல்லை. அதை நம்பிச் சாதாரண லிங்கை விட்டுவிட்டவர்கள்தான் பாவம்.

‘எல்லா முகவரிகளையும் சைட்மேப் கோப்பில் கொடுத்துவிட்டேன், போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை கொடுக்கலாம். கூகுளுக்கு அவை தெரிந்தும்விடும். ஆனால், தளத்தின் எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாத கட்டுரையை அது அவசரமாக எடுப்பதில்லை. சர்ச் கன்சோலில் ‘கண்டறியப்பட்டது, இன்னும் குறியிடப்படவில்லை’ என்ற பொருளுள்ள தலைப்பின் கீழ்ப் பழைய கட்டுரைகள் குவிந்து கிடந்தால் இதையும் சந்தேகிக்கலாம்.

நம் தளத்தின் நிலையை அறிய இரண்டு சோதனைகள் போதும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்து, ‘அடுத்த பக்கம்’ வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் கூகுள்பாட்டுக்கும் வழி இருக்கிறது. பிறகு சர்வரின் வருகைப் பதிவில் `Googlebot` என்ற பெயரோடு `page=` உள்ள வரிகளைத் தேடுங்கள். `page=2`, `page=3` நிறைய இருந்து, `page=12`க்குப் பிறகு ஒன்றுமே இல்லையென்றால், அது எங்கே திரும்பிப்போகிறது என்பது தெரிந்துவிடும். `page=61`, `page=62` என்று போய்க்கொண்டே இருந்தால் நோய் வேறு: இல்லாத பக்கத்துக்கும் உங்கள் தளம் ‘அடுத்த பக்கம்’ என்று வழி காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 404 வர வேண்டும்.