நாற்பது வினாடி எதற்கு?

சிக்னல் பெட்டிக்கான குறிப்பில் ‘சைக்கிள் 90, ஆஃப்செட் 40’ என்றிருந்தது. சைக்கிளைச் ‘சுற்று’ என்றேன்: ஒரு பச்சை விழுந்து மறுபடி அதே பச்சை விழ 90 வினாடி. ஃபேஸை ‘முறை’ என்றால் ஊழியருக்குச் சட்டென்று புரிகிறது. இப்போது எந்தப் பக்கத்து வண்டிகளின் முறை என்பதுதானே விஷயம்!

ஆஃப்செட்டில்தான் இடறல். அகராதி ‘ஈடு’ என்கிறது. ‘தாமதம்’ என்று எழுதினாலோ சிவப்பை 40 வினாடி நீட்டிவிடுவார்கள். அடுத்த சிக்னல் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அங்கே சேர 40 வினாடி ஆகும். முதல் சிக்னலில் பச்சை விழுந்து அவ்வளவு நேரம் கழித்து அங்கே விழ வேண்டும். ‘பச்சை தொடங்கும் இடைவெளி’ என்று எழுதினேன்.

இரண்டு சிக்னலிலும் சுற்று ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் 100 ஆக்கினால், இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் 10 வினாடி நழுவும்.