வியாழக்கிழமை ராத்திரி மட்டும் ஏன் வீட்டுப்பாடம்? எலியிடம் இருக்கு பதில்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு அப்பா வீட்டுக்கு வருகிறார். ஐந்தாம் வகுப்புப் பையன் தரையில் குப்புறப் படுத்தபடி கணக்கு நோட்டில் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருக்கிறான். "நாலு நாளா என்னடா பண்ணுன?" என்று அம்மா திட்டுகிறார். அன்று வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, மிஸ் நோட்டு திருத்தும் நாள்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும்கூட இந்தக் காட்சிக்குப் பஞ்சம் இருக்காது. பையன் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கொஞ்சம் அந்த 'வெள்ளிக்கிழமை'யைக் கவனியுங்கள்.

தீவனம் தீர்ந்துபோன கதை

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர், பெட்டிக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்தினால் ஒரு தீவன உருண்டை கிடைக்கும்படி செய்து சோதனை நடத்திவந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, உட்கார்ந்து உருண்டை தயாரிக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. சிக்கனம் பிடிப்பதற்காக, எத்தனை முறை அழுத்தினாலும் நிமிடத்துக்கு ஓர் உருண்டைதான் என்று மாற்றினார். எலி அழுத்துவதை நிறுத்தவே இல்லை.

பரிசு 'என்ன' என்பதைவிட 'எப்போது' கிடைக்கிறது என்பதும் பழக்கத்தைத் தீர்மானிக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இந்த ஆய்வுகளை சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-ல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார்.

பரிசு குறிப்பிட்ட நேர இடைவெளியில்தான் வரும் என்றால், அது கிடைத்தவுடன் வேலை நின்றுவிடும். அடுத்த நேரம் நெருங்க நெருங்கத்தான் வேகம் பிடிக்கும். பையனின் திங்கள், செவ்வாய், புதன் ஓய்வும் வியாழன் ஓட்டமும் இதேதான். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் வீட்டில் டிவி அணைவதற்கும் இதுவே காரணம். 1971-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்விலும் இது தெரிந்தது. தினமும் தேர்வு வைத்தபோது மாணவர்கள் சீராகப் படித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றதும், தேர்வு நெருங்கும்போதுதான் படிப்பு ஏறியது.

சீட்டு டப்பா வைத்தியம்

40 பேர் வகுப்பில் தினமும் 40 நோட்டைத் திருத்த முடியாதே? அதற்கு ஒரு வழி உண்டு. 40 சீட்டில் ரோல் நம்பர் எழுதி டப்பாவில் போட்டு, தினமும் ஐந்து மட்டும் எடுத்து அந்த நோட்டுகளைப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக எட்டு பள்ளி நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். ஆனால், அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்த நாளையும் தள்ளிப்போட முடியாது.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடாவிட்டால், நம்பர் வந்தவர் 'இனி நமக்கு லீவு' என்று ஓய்ந்துவிடுவார். அடுத்தது, எடுத்த எடுப்பிலேயே ஐந்து நோட்டு என்று தொடங்குவது. எழுதியும் யாரும் பார்க்கவில்லை என்றால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் எல்லா நோட்டையும் பார்த்து, பிறகு பாதி, அதன்பின் ஐந்து என்று இறங்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று நோட்டே சொல்லும். நான்கு நாள் பாடமும் ஒரே பேனாவில், போகப்போகக் கோணலாகும் கையெழுத்தில் இருந்தால், அது ஒரே ராத்திரியில் எழுதியது!

'மிஸ்... மிஸ்...' யார் வளர்த்தது?

இதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். கை தூக்காமல் கத்துகிறவர்களைக் கண்டுகொள்ளக் கூடாது என்று ஆசிரியர் நினைக்கிறார். ஒன்பது முறை பொறுத்தவர், பத்தாவது முறை அலுத்துப்போய் "சரி, சொல்லு" என்கிறார். எப்போதாவது பலிக்கும் பழக்கம்தான் எளிதில் போகாது. முழுதாக நிறுத்த முயன்றால் முதல் சில நாள் கத்தல் இன்னும் கூடும். அதைப் பார்த்து 'இது வேலைக்கு ஆகாது' என்று கைவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்றுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அந்த நாள்களில் கை தூக்கியவர்களை உடனுக்குடன் கூப்பிடுவது முக்கியம்.

ஸ்டார் எங்கே வேண்டாம்?

1973-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், விரும்பி வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பிறகு அவர்கள் தாமாக வரையும் நேரம், பரிசே இல்லாத குழந்தைகளைவிடக் குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே, தானாகக் கதைப் புத்தகம் எடுக்கும் பிள்ளைக்கு 'பக்கத்துக்கு ஒரு ஸ்டார்' என்று பேரம் பேச வேண்டாம்.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். வெள்ளி வரை காத்திருக்காமல், நினைத்த நாளில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு எழுதினதைக் காட்டு கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் திங்களன்று, அடுத்த வாரம் புதனன்று என நாள் மாறட்டும். எழுதியிருந்தால் முதுகில் ஒரு தட்டு. எழுதாவிட்டால் திட்டு வேண்டாம். திட்டத் தொடங்கினால், நோட்டை ஒளித்துவைக்கத்தான் பையன் பழகுவான்.