வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டனவா?

காலாண்டு அறிக்கை அச்சுக்குப் போகிற நேரத்தில்தான் இந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் வரும். ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் ஒரு வரி: ‘கறவை மாடு வாங்க 18 உறுப்பினர்களுக்கு 9 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது.’ இதை ‘வழங்கப்பட்டன’ என்று திருத்தவா என்று இளம் எழுத்தர், மூத்த கணக்கருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். பதில் வருகிறது:

“வணக்கம்மா. வாக்கியம் சரிதான், கை வைக்க வேண்டாம். ‘எது வழங்கப்பட்டது’ என்று கேட்டுப் பாருங்கள். பணம்தான். அதுதான் எழுவாய், வினைமுற்று அதற்குத்தான் கட்டுப்படும். உறுப்பினர்கள் 18 பேர்தான், ஆனால் ‘உறுப்பினர்களுக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்கள். அவர்கள் பெற்றுக்கொண்டவர்கள், எழுவாய் அல்ல. 9 லட்சம் என்பது ஒரே தொகை. ‘தரையில் 50 ரூபாய் கிடந்தது’ என்கிறோம், ‘கிடந்தன’ என்பதில்லை. ‘ஐந்து பத்து ரூபாய் நோட்டுகள்’ என்றால் மட்டும் ‘கிடந்தன’.”

இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல நிறைய அறிக்கை திருத்தியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. ‘ரூபாய்’ என்ற சொல்லில் ‘கள்’ இல்லை. இப்படி ‘கள்’ ஏறாமல் நிற்கும் அஃறிணைப் பெயர், ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. பவணந்தியின் நன்னூல் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர்கள் என்கிறது. ‘மாடு வந்தது’ சரி, ‘மாடு வந்தன’ என்பதும் சரி. ஒன்றா பலவா என்பதை வினையே காட்டிவிடும். ஆக, ‘9 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டன’ என்று எழுதியிருந்தாலும் பழைய விதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தொகையை ஒன்றாகப் பார்ப்பதுதான் இன்றைய வழக்கு. காதுக்கும் அதுவே பொருந்துகிறது.

‘கள்’ ஏறிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். ‘18 மாடுகள் வாங்கப்பட்டது’ என்பது ஒருமை பன்மை மயக்கம். அறிக்கைகளில் அதிகம் கண்ணில் படுகிற பிழையும் இதுதான். காரணம் தேடி அலைய வேண்டாம். பேச்சில் ‘மாடுங்க எல்லாம் வந்துச்சு’ என்றுதான் சொல்கிறோம்; அஃறிணைப் பன்மை வினை நாக்கிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டது. எழுதும்போது அதை நினைவுபடுத்தித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நினைவு வந்த வேகத்தில் தேவையில்லாத இடத்திலும் ‘ன’ போட்டுவிடுகிறவர்கள் உண்டு. எழுத்தரின் சந்தேகம் அந்த வகை.

இரண்டு பொருளை ‘உம்’ சேர்த்து அடுக்கினாலும் பன்மைதான்: ‘9 லட்சம் ரூபாயும் தீவனமும் வழங்கப்பட்டன.’

மின்னஞ்சலின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது: “இலக்கணம் சரி. ஆனால் கொடுத்தது கடனா, மானியமா? வாக்கியத்தில் அது இல்லையே. ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார். ‘கடனாக’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.”